முதலாளி ‘பில்லைப் பிரித்துப் போடு’ என்றால்

தம்பி, நேற்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில். சரக்கு தந்தவருக்கு 12ஆம் தேதி ரொக்கமாக 38,000 ரூபாய் கொடுத்துவிட்டு, 9,500 வீதம் நான்கு நாளாக வவுச்சர் போடச் சொல்கிறார் முதலாளி. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவு பொதுவாக ஏற்கப்படாது, அதுதான் காரணம்.

பிரித்துப் போட்டால் 12ஆம் தேதி மாலை கேஷ் புக்கில் இருக்கும் இருப்பைவிடப் பெட்டியில் 28,500 குறையும். சரக்கு தந்தவருடைய லெட்ஜரிலோ 38,000 ஒரே நாளில் வரவாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் ஆடிட்டர் உடனே பிடித்துவிடுவார்.

நடந்த தேதியிலேயே முழுத் தொகையையும் பதிவு செய். முதலாளியிடம் சட்டம் பேசாதே, கணக்கைக் காட்டு: 30 சதவீத வரி கட்டும் உங்கள் கூட்டு நிறுவனத்துக்குக் கூடுதல் வரி 11,400, செஸ் தனி. என் அனுபவத்தில் கோபம் அதிலேயே பாதி இறங்கும். அடுத்த முறை நெஃப்ட்டில் அனுப்பச் சொல். அப்புறமும் வற்புறுத்தினால், “எந்தத் தேதியில் போடட்டும் சார்?” என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேள். எழுத்தில் பதில் சொல்ல யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தினமும் மாலை நோட்டுகளை எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வை.