ஊற்றுவதற்கு முன் குறித்துவையுங்கள்

என் அக்காள் மகள் செந்தூலில் இருக்கிறாள். லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம்தான் ஆகிறது. பழைய காரின் கண்ணாடியில் ‘பி’ ஸ்டிக்கர் இன்னும் புதிதாகவே இருக்கிறது. ஞாயிறுதோறும் பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். அவளும் தவறாமல் பார்த்தாள். ஒருநாள் பேச்சுவாக்கில், “கூலண்ட் கொஞ்சம் குறைந்திருந்தது மாமா, குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டேன். போன வாரமும் ஊற்றினேன்” என்றாள். எனக்குத் திக்கென்றது.

புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு, பார்க்காமல் விடுவது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிட மோசமானது, பார்த்துவிட்டு ஏன் குறைந்தது என்று கேட்காமல் ஊற்றி நிரப்புவது. கூலண்ட் இஞ்சினைக் குளிர்விக்க மூடிய பாதையில் சுற்றுவது. இஞ்சின் நன்றாக இருந்தால் மாதக்கணக்கில் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்காது. வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கினால் அது எங்கோ வெளியே போகிறது. ஊற்றியவுடன் அந்தச் சாட்சி அழிந்துவிடுகிறது.

அன்று அவளிடம் ஒரு துண்டு டேப்பைக் கொடுத்து, கூலண்ட் தொட்டியின் பக்கவாட்டில் மட்டத்துக்கு நேராக ஒட்டித் தேதி எழுதச் சொன்னேன். காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். சூட்டில் கூலண்ட் விரிந்து மட்டம் கூடுதலாகக் காட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர், மூடி தளர்ந்த நொடியில் முகத்தில் பாயும்.

அடுத்த ஞாயிறு, டேப்புக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. இரவில் காருக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்துவைத்தோம். காலையில் இரண்டு இடங்களில் ஈரம். முன் பயணி இருக்கைக்குக் கீழே இருந்தது நிறமும் வாசமும் இல்லாத தண்ணீர். அது ஏர்கான் சொட்டியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வழக்கம்தான். மற்றது இஞ்சின் பக்கம், இளஞ்சிவப்பாக, விரலில் வழுவழுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றி, காய்ந்த உப்புப்போல் இளஞ்சிவப்புப் பொருக்கு படிந்திருந்தது. பம்ப்பின் உள் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத்தான் கசியும். அதற்காகவே வைத்த துளை அது.

பட்டறையில் ஃபோர்மன் ரேடியேட்டரின் வாயில் கைப்பம்ப்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். சற்று நேரத்தில் அதே துளையில் சொட்டு வந்தது. பம்ப்பை மாற்றி, குழாய்த் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுக் கூலண்ட் நிரப்பினார். நம் நாட்டில் உறைபனி இல்லையே, தண்ணீர் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கூலண்ட் துருப்பிடிப்பதைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கசிவைக் கவனிக்காமல் கோலாலம்பூர் நெரிசலில் நின்றிருந்தால் இஞ்சின் கொதித்து, அலுமினியத் தலைப்பகுதி வளைந்திருக்கும். கூலண்ட் மிகவும் வற்றிவிட்டால் வெப்ப உணரியைச் சுற்றித் திரவமே இருக்காது. எச்சரிக்கை விளக்கு தாமதமாக எரியலாம், எரியாமலும் போகலாம்.

பிரேக் எண்ணெயிலும் இதே தவறு நடக்கிறது. பிரேக் பேட் தேயத் தேய, மட்டம் பல மாதங்களில் மெல்ல இறங்கும். அது பேட்டைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. ஊற்றி நிரப்பினால் அறிகுறி மறையும். புதுப் பேட் போடும்போது எண்ணெய் பொங்கி வழிந்து பெயின்ட்டையும் கெடுக்கும். ஒரே வாரத்தில் சட்டென்று இறங்கியிருந்தாலோ, பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ காரை எடுக்காதீர்கள், இழுவை வண்டியை அழையுங்கள். மட்டம் வெளியிலிருந்தே தெரியும், மூடியைத் திறக்கத் தேவையில்லை. அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் கெந்திங் இறக்கத்தில் கொதித்தால் பிரேக் பிடிக்காது.

இஞ்சின் எண்ணெயைச் சமதளத்தில், நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவுகோலைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்த பிறகு தெரிவதே சரியான மட்டம். எண்ணெய் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் கலந்த தேநீர்போல் இருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது, இஞ்சினை இயக்காதீர்கள்.

டயரில் நடக்கும் தவறு வேறு. பெட்ரோல் நிலையம்வரை அரை மணி நேரம் ஓட்டிப்போய் அளந்தால் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 37 காட்டலாம். அதிகமென்று காற்றை இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் 29தான் இருக்கும். வீட்டுக்கு அருகில் உள்ள நிலையத்தில், காலையில் முதல் வேலையாக, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். நிரப்புவதற்கு முன் நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று டயர் 32 காட்டும்போது ஒன்று மட்டும் 27 என்றால், ஆணி குத்தியிருக்கலாம் அல்லது வால்வு கசியலாம். சோப்பு நீரைத் தடவினால் எங்கே குமிழி வருகிறது என்று தெரிந்துவிடும்.