ஃபிஷிங்கில் சிக்கியதும் செக்யூரிட்டி டீமுக்கு எழுதும் புகார்: எங்கெங்கே தவறுகிறது?

"இன்று காலை ஒரு சந்தேகமான மெயில் வந்தது. தெரியாமல் கிளிக் செய்துவிட்டேன். மெயிலை டெலீட் செய்து பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். இப்போது பிரச்சினை இல்லை."

செக்யூரிட்டி டீமில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த மாதிரி புகார் பழக்கமானதுதான். எழுதியவர் மறைக்காமல் சொன்னாரே, அதுவே பெரிய உதவி. ஆனால் இதை வைத்துக்கொண்டு விசாரணையை நகர்த்த முடியாது. எந்த நேரம் என்று தெரியவில்லை, பாஸ்வேர்டைப் போட்டாரா என்று தெரியவில்லை, ஆதாரமான மெயிலும் கையில் இல்லை. கடைசி வரியோ அநேகமாகத் தவறு.

ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இது நடந்ததாக வைத்துக்கொள்வோம். மெயில் எல்லாம் மைக்ரோசாஃப்ட் 365-இல் இருக்கிறது. 2025 மார்ச் 10, திங்கட்கிழமை காலை 10:42-க்கு "இன்வாய்ஸ் பார்க்கவும்" என்று ஒரு மெயில். ஊழியர் 10:51-க்கு லிங்கைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் போலவே இருந்த பக்கத்தில் பாஸ்வேர்டைப் போட்டு, போனில் வந்த அனுமதியையும் கொடுத்துவிட்டார். பிற்பகல் 2:20-க்குப் பக்கத்து சீட் நண்பர் வந்து, "உங்ககிட்ட இருந்து ஏதோ லிங்க் வந்திருக்கே?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிகிறது. 2:28-க்கு பாஸ்வேர்டை மாற்றுகிறார். 2:35-க்கு புகார் எழுதுகிறார்.

எல்லா நேரத்தையும் ஒன்றாகக் குழப்புவது

மெயில் வந்தது, கிளிக் செய்தது, தெரியவந்தது, புகார் கொடுத்தது என்று இங்கே நான்கு நேரங்கள் இருக்கின்றன. "காலை" என்ற ஒரே சொல்லில் நான்கும் கரைந்துவிடுகின்றன. 10:51 தெரிந்தால், யார் எப்போது உள்ளே வந்தார் என்று பதிவாகும் லாக்கில் எங்கிருந்து தேட வேண்டும் என்று தெரியும். 10:51-க்கும் 2:20-க்கும் நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேரம்தான் திருடன் யாருக்கும் தெரியாமல் உள்ளே இருந்த நேரம்.

கண்டறிந்த நேரத்துக்குச் சட்டப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய சம்பவங்களைக் கவனித்த அல்லது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நம் கதையில் அந்தக் கணக்கு 2:20-இல் தொடங்குகிறது. இரவு 8:20-க்கு முடிகிறது. மாலை 6 மணிக்கு செக்யூரிட்டி டீம் மெயிலைத் திறந்து படிக்கும் நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் கெடு தப்பிவிடும். முழு விவரம் கையில் இல்லாவிட்டாலும் தெரிந்ததை முதலில் கொடுத்துவிட்டு, மீதியைப் பிறகு கொடுக்கலாம். அதனால் "எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம்" என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பம் டைம்ஸோன். நிறுவனத்தின் லாகின் பதிவில் புதிய ஊரிலிருந்து ஒரு நுழைவு இப்படித் தெரிகிறது:

```
2025-03-10T05:23:41Z
```

கடைசியில் இருக்கும் அந்த `Z`, இது யூடிசி என்ற உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் 10:53. கிளிக் செய்த இரண்டாவது நிமிடம். இதைக் கவனிக்காதவர் "அதிகாலை 5:23" என்று அறிக்கையில் எழுதிவிடுவார். மெயில் வருவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே உள்ளே வந்துவிட்டான் என்று ஆகி, இல்லாத வேறொரு வழியைத் தேடி விசாரணை திசை மாறிவிடும். எழுதும் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் இந்திய நேரமா, யூடிசியா என்று குறிப்பிடுங்கள். சரியான நிமிடம் நினைவில்லை என்றால் "சுமார் 10:50" என்றே எழுதுங்கள். ஊகத்தைத் துல்லியம் போல எழுதுவது வெற்றிடத்தைவிட மோசம்.

"பாஸ்வேர்டு மாற்றியாச்சு" என்று முடித்துவிடுவது

சேதம் கூடுவது பெரும்பாலும் இங்கேதான். இப்போதைய ஃபிஷிங் பக்கங்கள் பல, பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. நமக்கும் நிஜ மைக்ரோசாஃப்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, போனில் அனுமதி கொடுத்த பிறகு கிடைக்கும் செஷனையே, அதாவது மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே இருக்கவிடும் நுழைவையே, எடுத்துக்கொள்கின்றன. பாஸ்வேர்டை மாற்றினோம் என்பதற்காக அந்த செஷன் அந்த நொடியே செத்துவிடும் என்று நம்ப முடியாது. அட்மின் எல்லா செஷன்களையும் தனியாக ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்த பிறகும், முன்பே வழங்கப்பட்ட டோக்கன் என்ற டிஜிட்டல் அனுமதிச்சீட்டு காலாவதியாகச் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். அதனால் ரத்து செய்த நிமிடத்தைக் குறித்துவைத்து, அதற்கடுத்த ஒரு மணி நேர லாக்கையும் பார்க்க வேண்டும்.

உள்ளே வந்தவன் திரும்பி வர வேறு வழியும் வைத்திருப்பான். தன் போனை இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலுக்குச் சேர்த்திருக்கலாம். ஏதாவது ஆப்புக்கு மெயில் படிக்கும் அனுமதி கொடுத்திருக்கலாம். அடிக்கடி காணப்படுவது, வரும் மெயில்களைத் தானாகவே கையாளும் இன்பாக்ஸ் ரூல். ஒற்றைப் புள்ளியைப் பெயராக வைத்து, "இன்வாய்ஸ்", "ஃபிஷிங்" போன்ற சொற்கள் இருக்கும் மெயில்களை `RSS Feeds` ஃபோல்டருக்குத் தள்ளி, படித்ததாகக் குறித்துவிடும் ரூல். அட்மின் இப்படிப் பார்க்கலாம்:

```
Get-InboxRule -Mailbox accounts@example.com -IncludeHidden
```

சிக்கிய மெயில் பெட்டியிலிருந்தே புகார் அனுப்பக் கூடாது என்பதும் இதனால்தான். புகாரைத் திருடன் படிக்கலாம். அதைவிட, டீம் அனுப்பும் பதில் அந்த ரூலில் மாட்டி உங்கள் கண்ணிலேயே படாமல் போகலாம். போன் செய்யுங்கள், இல்லையென்றால் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று ஆதாரத்தை அழிப்பது

மெயிலை டெலீட் செய்ய வேண்டாம். சாதாரணமாக ஃபார்வேர்ட் செய்தால் அது எந்த சர்வர் வழியாக வந்தது என்று சொல்லும் ஹெடர் போய்விடும். `.eml` இணைப்பாக அனுப்புங்கள். ஏதாவது ஃபைலைத் திறந்து லேப்டாப் மேலேயும் சந்தேகம் இருந்தால் வைஃபையைத் துண்டியுங்கள், ஆனால் ஆஃப் செய்ய வேண்டாம். மெமரியில் இருப்பது போய்விடும். ஃபார்மேட் செய்வது பற்றிப் பேச்சே வேண்டாம்.

வெட்கத்தில் மழுப்புவதும் ஆதாரத்தை அழிப்பதற்குச் சமம்தான். "லிங்கைத் திறந்தேன்" என்பதும் "பாஸ்வேர்டைப் போட்டேன்" என்பதும் முற்றிலும் வேறு வேறு சம்பவங்கள். மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை: புகார் கொடுத்தவரைக் கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்டால், அடுத்தவர் 2:35-க்குச் சொல்ல மாட்டார், மறுநாள் சொல்வார்.

மெயிலை டெலீட் செய்யாமல் வைத்திருந்தால், அந்த நான்கு வரிப் புகாரை இப்படி எழுதியிருக்கலாம்:

"மார்ச் 10, எல்லாம் இந்திய நேரம். 10:42 மெயில் வந்தது. 10:51 லிங்கைத் திறந்து பாஸ்வேர்டு போட்டேன். போனில் அனுமதியும் கொடுத்தேன். 2:20 நண்பர் சொல்லித் தெரிந்தது. 2:28 அலுவலக லேப்டாப்பில் நானே பாஸ்வேர்டை மாற்றினேன். செஷன் ரத்து, ரூல் சோதனை எதுவும் இன்னும் நடக்கவில்லை. மெயிலை அழிக்கவில்லை. இந்த மெயில் பெட்டியில் வாடிக்கையாளர் இன்வாய்ஸ்களும் வங்கி விவரங்களும் இருக்கின்றன. என்னை மொபைலில் கூப்பிடுங்கள்."

"இன்னும் நடக்கவில்லை" என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செய்ததை மட்டும் எழுதினால், மற்றதை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் யார் செய்தது, எத்தனை மணிக்கு என்று இருந்தால் போதும். "கட்டுப்படுத்தப்பட்டது" என்ற முடிவை டீம் எடுக்கட்டும்.

வங்கி விவரம் இருந்த மெயில் பெட்டி என்றால் இன்னொரு வேலையும் உடனே இருக்கிறது. 10:53-க்குப் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து போன மெயில்களைப் பார்த்து, கணக்கு எண் மாறியதாக யாருக்காவது சொல்லப்பட்டிருந்தால் அந்த வாடிக்கையாளரைப் போனில் பிடித்து எச்சரிக்க வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் வங்கிக்கும் சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கும் அப்போதே சொல்ல வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.