காலெண்டர் ஸ்கிரீன்ஷாட்டை எழுத்தில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் காலெண்டரை கம்ப்யூட்டரில் நாள் காட்சியில் திறந்து எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்வோம். தேதி 14.10.2025, செவ்வாய். காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணி வரை மூன்று பெட்டிகள். இடப்பக்கம் நீலப் பெட்டி: "கிளை மேலாளர்கள் கூட்டம்", அதன் கீழே `10 – 11:30am`. வலப்பக்கம் மேலே ஒரு சின்னப் பச்சைப் பெட்டி: "மாதாந்திர விற்பனை அறி…". அதற்கு நேர் கீழே, உள்ளே வெள்ளையாகவும் ஓரம் மட்டும் ஆரஞ்சாகவும் இன்னொன்று: "ஆடிட்டர் சந்திப்பு", `11am – 12pm`.

இதை எழுதும்போது வரும் முதல் தவறு, செய்தித்தாள் படிப்பதுபோல இடமிருந்து வலமாக வரி வரியாகப் படிப்பது. பெட்டி குறுகியிருந்தால் தலைப்பு இரண்டு மூன்று வரிகளாக மடங்கும். அப்போது "கிளை மேலாளர்கள்" என்பதை அடுத்து வலப்பெட்டியின் "மாதாந்திர விற்பனை" வந்து ஒட்டிக்கொள்ளும். எழுத்துணரி மென்பொருள் கொண்டு எடுத்தாலும் இதே குழப்பம்தான் நடக்கிறது. ஒரு பெட்டியை முழுதாகப் படித்து முடித்த பிறகே அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். தொடங்கும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் தொடங்கினால் இடப்பக்கம் உள்ளது முதலில். மடங்கிய வரிகளை ஒரே வரியாக எழுதினால் போதும், அந்த மடிப்பு பெட்டியின் அகலத்தால் வந்ததுதான்.

அகலத்துக்கும் பொருள் கிடையாது. மோதல் இருக்கிறது என்பதால்தான் ஆப் பெட்டிகளைக் குறுக்குகிறது. அகலமான பெட்டி முக்கியமான நிகழ்வு என்று எண்ணிவிடக் கூடாது. அதேபோல "மூன்றும் ஒரே நேரத்தில் மோதுகின்றன" என்று எழுதுவதும் தவறு. அருகருகே நிற்பதைப் பார்த்துச் சொல்லாமல், நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பச்சைப் பெட்டியின் நேரம் தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான்.

அரை மணி நேர நிகழ்வுக்கு ஆப் இரண்டாம் வரி தருவதில்லை. தலைப்பு, ஒரு காற்புள்ளி, தொடங்கும் நேரம் மூன்றும் ஒரே வரியில் வரும். முடியும் நேரம் அச்சாகவே ஆகாது. நேரம் தலைப்புக்குப் பின்னால் இருப்பதால், தலைப்பு வெட்டுப்பட்டால் நேரமும் கூடவே போய்விடும். நம் பச்சைப் பெட்டிக்கு நடந்தது அதுதான். இங்கே பலர் பக்கத்துப் பெட்டியின் `10 – 11:30am` என்பதை இதற்கும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.

சரியான வழி அளப்பது. படம் திருத்தும் எந்த மென்பொருளிலும் இரண்டு மணிக் கோடுகளுக்கு நடுவே எத்தனை பிக்சல் என்று பாருங்கள். நம் படத்தில் 96. பச்சைப் பெட்டியின் மேல் விளிம்பு 10 மணிக் கோட்டிலிருந்து 48 பிக்சல் கீழே இருக்கிறது. 48-ஐ 96-ஆல் வகுத்தால் அரை மணி, ஆகவே தொடக்கம் 10:30. பெட்டியின் உயரம் 46. பெட்டிகளுக்கு நடுவே சிறு இடைவெளி விடப்படுவதால் இப்படி ஒன்றிரண்டு பிக்சல் குறையும். அருகிலுள்ள 5 நிமிடத்துக்கு முழுமையாக்கினால் 30 நிமிடம், முடிவு 11:00. அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: "10 AM" என்ற எழுத்து கோட்டின் மட்டத்தில் நிற்கிறது, வரிசையின் நடுவில் அல்ல. எழுத்துக்குக் கீழே விரியும் இடம்தான் 10 மணிக்குரியது. இதை மாற்றிப் புரிந்துகொண்டால் எல்லா நிகழ்வும் அரை மணி நகர்ந்துவிடும். நேரம் அச்சான ஒரு பெட்டியை முதலில் அளந்து, கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

இந்த அளவீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. மிகச் சிறிய நிகழ்வுகளை எழுத்து தெரிவதற்காக ஆப் குறைந்தபட்ச உயரத்தில் வரைகிறது. குறுகிய நிகழ்வுகளை அரை மணி அளவிலேயே காட்டும் ஓர் அமைப்பும் இருக்கிறது. அதனால் 10:30 என்ற தொடக்கத்தை நம்பலாம், 11:00 என்ற முடிவை "அளந்தது" என்று குறித்துவைக்க வேண்டும். அந்த முடிவு சரி என்றால் பச்சை நிகழ்வு நீலத்தோடு 10:30 முதல் 11:00 வரை மோதுகிறது. ஆடிட்டர் சந்திப்பு நீலத்தோடு 11:00 முதல் 11:30 வரை மோதுகிறது. பச்சையும் ஆடிட்டரும் மோதவே இல்லை.

அச்சான நேரத்திலும் சறுக்கல் உண்டு. `10 – 11:30am` என்பதில் கடைசியில் வரும் `am` இரண்டுக்கும் பொது. `12pm` பகல் 12, நள்ளிரவு அல்ல. இதை "இரவு 12" என்று மாற்றி எழுதிய எழுத்துப்படிகள் ஏராளம். இடது மூலையில் `GMT+05:30` போன்ற நேர மண்டலக் குறி தெரிந்தால் அதையும் எழுதுங்கள். குறுக்கே ஓடும் சிவப்புக் கோடு இப்போதைய நேரத்தைக் காட்டுவது, நிகழ்வு அல்ல.

வெட்டுப்பட்ட தலைப்பு "அறி…" என்று நிற்கிறது. "அறிக்கை" என்று முடித்துவிடக் கை பரபரக்கும். "அறிவிப்பு", "அறிமுகம்" என்றும் இருக்கலாமே. திரையில் தெரியும் எழுத்தோடு நிறுத்தி, திரையிலுள்ள முப்புள்ளியை அப்படியே வைத்து, உங்கள் குறிப்பைச் சதுர அடைப்புக்குள் தனியாகப் போடுங்கள். சில பெட்டிகளில் முப்புள்ளியே வராமல் எழுத்து விளிம்போடு அறுந்து நிற்கும். அதை முழுத் தலைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஊகத்தைக் கேட்கிறார்கள் என்றால் அதே அடைப்புக்குள் "ஒருவேளை" என்று சொல்லி எழுதலாம்.

நிறத்தில் நடக்கும் தவறு, நிறத்துக்குப் பொருள் கற்பிப்பது. நீலம் என்றால் "அலுவலகம்", பச்சை என்றால் "சொந்த வேலை" என்று படத்தில் எங்கும் எழுதியில்லை. இடப்பக்கப் பட்டியலில் காலெண்டர் பெயர்கள் நிறப் பெட்டிகளோடு தெரிந்தால் ஒப்பிடலாம். ஆனால் ஒரு நிகழ்வுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்க முடியும் என்பதால் அதுவும் உறுதியல்ல. முடிந்துபோன நிகழ்வுகள் மங்கலாகத் தெரியலாம், அதை "வெளிர் நீலம்" என்று வேறு நிறமாக்கிவிட வேண்டாம். நிறத்தைவிட நிரப்பின் வகைதான் அதிகம் சொல்கிறது: உள்ளே வெள்ளை, ஓரம் மட்டும் நிறம் என்றால் அழைப்புக்கு இன்னும் பதில் தரவில்லை, சாய்கோடுகள் என்றால் "இருக்கலாம்" என்ற பதில், தலைப்பின் குறுக்கே கோடு என்றால் மறுத்தாயிற்று. வெறுமனே "ஆரஞ்சு" என்று எழுதினால் ஆடிட்டர் சந்திப்பு உறுதியானதுபோல் ஆகிவிடும்.

எல்லாம் சேர்ந்தால் எழுத்துப்படி இப்படி நிற்கும்:

```
14.10.2025, செவ்வாய், நாள் காட்சி
10:00–11:30 | கிளை மேலாளர்கள் கூட்டம் | நீலம்
10:30–11:00 [அளந்தது] | மாதாந்திர விற்பனை அறி… [தலைப்பு வெட்டுப்பட்டுள்ளது] | பச்சை
11:00–12:00 | ஆடிட்டர் சந்திப்பு | ஆரஞ்சு ஓரம், உள்ளே வெள்ளை
மோதல்: 10:30–11:00 (1, 2); 11:00–11:30 (1, 3)
```

மூன்றாம் நிகழ்வில் "பதில் தரவில்லை" என்று எழுதாமல் கண்ணில் பட்டதை மட்டும் எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். வேறு ஆப்களில் அதே தோற்றத்துக்கு வேறு பொருள் இருக்கக்கூடும். எந்த ஆப் என்று படத்திலேயே தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அந்தப் பொருளையும் அடைப்புக்குள் சேர்க்கலாம்.