"பாக்கலாம்மா" என்றால் என்ன அர்த்தம்? டெலிகாலர் ஸ்கிரிப்டைப் பேச்சாக மாற்றிய கதை

சென்னையில் மூலக்கடை பக்கம் ஒரு மாடி ஆபீஸ். ஆறு பேர், ஆறு ஹெட்செட், ஒரு ஃபேன். எங்களிடம் ஏற்கெனவே ஆர்.ஓ வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் எடுத்து, வருஷக் கான்ட்ராக்ட் முடிந்துபோனவர்களைக் கூப்பிட்டுப் புதுப்பிக்கச் சொல்வதுதான் வேலை. நான் டெலிகாலராகச் சேர்ந்து, இப்போது டீமைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்டைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தபோது இரண்டு தடவை சொதப்பினேன். மூன்றாவது தடவை ஒழுங்காக வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹெட்செட் மாட்டுவது, லிஸ்ட் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் பழைய ஸ்கிரிப்ட் இப்படி ஆரம்பிக்கும்:

> வணக்கம் சார், நான் எங்கள் வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். உங்களுடைய பொன்னான நேரத்தில் இரண்டு நிமிடங்களை ஒதுக்க முடியுமா? உங்களைப் போன்ற மதிப்புமிக்க வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சிறப்புச் சலுகை ஒன்றை அறிமுகப்படுத்தியுள்ளோம். வெறும் 2,500 ரூபாயில் வருடம் முழுவதும் கவலையில்லாமல் சுத்தமான குடிநீரைப் பெறலாம்.

"ஒதுக்க முடியுமா?" என்று கேட்கிறது, ஆனால் பதிலுக்கு நிற்பதில்லை. அதற்குள் எதிர்ப்பக்கம் "வேணாம்மா" என்று வைத்துவிடுவார்கள்.

1. முதலில் பென்சில்

உடனே திருத்த உட்காராதீர்கள். ஸ்கிரிப்டைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நல்ல இடம் விட்டு மேஜையில் வையுங்கள். ஒவ்வொரு காலும் எந்த வரியில் கட் ஆகிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. இதற்காக எக்செல் ஷீட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் வேண்டாம். பேசிக்கொண்டே எக்செலில் குறிக்க முடியாது, கோடு கிழிக்க முடியும்.

ஒரு நாள் முடிவில் பேப்பரைப் பார்த்தால் கோடுகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். எங்களுக்குக் குவிந்த இடங்கள் இரண்டு: "மதிப்புமிக்க வாடிக்கையாளர்", அப்புறம் "வெறும் 2,500". திருத்த வேண்டியது அவற்றைத்தான். நான் முதல் தடவை முழு ஸ்கிரிப்டையும் மாற்றினேன். எந்த மாற்றம் வேலை செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

2. பேசிவிட்டு எழுதுங்கள்

ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கஸ்டமராக உட்காரவைத்து, பேப்பர் பார்க்காமல் விஷயத்தைச் சொல்லுங்கள். போனில் வாய்ஸ் ரெக்கார்டர் ஓடட்டும். பிறகு அதைக் கேட்டு, வாயில் வந்தது வந்தபடி எழுதுங்கள். "பேசுகிறேன்" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், "பேசறேன்" என்றுதான் இருக்கும். "செய்து தருகிறோம்" என்பது "பண்ணித் தரோம்" ஆகியிருக்கும். டைப் பண்ண ஜிபோர்டின் மைக் எனக்குப் போதும். தப்பு வரும் இடத்தைக் கையால் சரிசெய்துகொள்ளலாம்.

நான் இரண்டாவது தடவை சறுக்கியது இங்கேதான். முழு ஸ்கிரிப்டையும் பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் அதை வாசித்தபோது பழசை விட மோசமாக இருந்தது. "வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க" என்ற வரியில் எழுத்துக் கூட்டிக் கூட்டி நின்றாள். நம் கண் பழகியது எழுத்துத் தமிழுக்கு. பேச்சுத் தமிழை வாயால்தான் தெரியும், கண்ணால் தெரியாது. போதாக்குறைக்கு நான் எழுதியது என் வீட்டுப் பேச்சு. அவளுக்கு விருத்தாசலம் பக்கம், பேச்சே வேறு.

அதனால் இப்போது மூன்றே இடங்களைத்தான் முழு வாக்கியமாக எழுதுகிறேன். ஆரம்பம், விலை, விடைபெறுவது. நடுவில் உள்ளதெல்லாம் வெறும் சொற்கள்: "2 தடவை ஃபில்டர் மாத்தறது", "மெம்பிரேன் தனி", "ஆள் வர 2 நாள்". அந்தச் சொல்லைப் பார்த்து அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொள்வார்கள். முழுதாக எழுதும் வரியும் ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவுக்குத்தான், அடுத்த மூச்சுக்கு அடுத்த வரி.

3. ஆரம்பம்

> வணக்கம் சார், செல்வி பேசறேன், வாட்டர் ஃபில்டர் சர்வீஸ்ல இருந்து.
> போன வருஷம் ஜூன்ல உங்க வீட்டு ஃபில்டர நாங்கதான் சர்வீஸ் பண்ணோம்.
> இப்ப ஒரு நிமிஷம் பேசலாமா, இல்ல அப்புறம் கூப்பிடவா?

மூன்றாவது வரிக்குப் பிறகு ஸ்கிரிப்டில் ஒரு காலி வரி விட்டு, "வாயை மூடு" என்று எழுதியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், அது தேவைப்படுகிறது.

"அனுமதி கேட்டாலே வேணாம்னு சொல்லிடுவாங்க" என்று பழைய டிரெயினர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச நேரமில்லாதவரைப் பிடித்து நிறுத்திப் பேசினாலும் அவர் வாங்கப் போவதில்லை. இரண்டாவது வரிதான் இங்கே முக்கியம். "உங்களுக்கு என் நம்பர் எப்படிக் கிடைச்சது?" என்ற கேள்விக்கு அது முன்னாடியே பதில் சொல்லிவிடுகிறது.

"சொல்லும்மா" என்று பதில் வந்தால் அடுத்தது சலுகை இல்லை, ஒரு கேள்வி: "வீட்ல மோட்டார் தண்ணியா, மெட்ரோ வாட்டரா சார்?" யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி, நமக்கும் உபயோகமானது. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடல் பக்கம் மோட்டார் தண்ணி உப்பாக இருந்தால் மெம்பிரேன் சீக்கிரம் போகும், அவருக்கு சர்வீஸ் நிஜமாகவே தேவைப்படலாம். "அதெல்லாம் இல்லம்மா, இப்ப கேன் போடறோம்" என்றால் ஃபில்டர் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம், நன்றி சொல்லி வையுங்கள். "அந்தத் தண்ணியக் குடிச்சா கிட்னி போயிடும் சார்" என்று ஒரு வரி எங்கள் பழைய ஸ்கிரிப்டில் இருந்தது. முதலில் அடித்தது அதைத்தான்.

விலையில் "வெறும்", "மட்டுமே" இரண்டையும் எடுத்துவிடுங்கள். "வருஷத்துக்கு 2,500. மெம்பிரேன் மாத்தினா அது தனி." இரண்டாவது வாக்கியத்தை நாமே சொல்லாவிட்டால், ஆள் வீட்டுக்குப் போன பிறகு சண்டை வரும்.

4. மறுப்பு

நான் அதிகம் அடி வாங்கியது இதில்தான். பழைய ஸ்கிரிப்டில் எல்லா மறுப்புக்கும் ஒரே அச்சு: "புரியுது சார், ஆனா..." அந்த "ஆனா" வந்தாலே புரியவில்லை என்றுதான் அர்த்தம். ஸ்கிரிப்டில் "ஆனா" என்று தேடி எல்லாவற்றையும் அழியுங்கள். "ஏன் சார் வேணாம்?" என்பதையும். கஸ்டமர் நமக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

நேரடியாக "வேணாம்" என்றால் ஒரே வரிதான்: "சரிங்க சார், டைம் குடுத்ததுக்கு நன்றி." வைத்துவிடலாம். இது சுலபம்.

கஷ்டம், "வேணாம்" என்று சொல்லாமல் மறுப்பவர்களிடம். "பாக்கலாம்மா." "சொல்றேன்." "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்." நான் இதையெல்லாம் ஷீட்டில் 'திரும்பக் கூப்பிட' என்ற கலத்தில் போட்டு வைப்பேன். வியாசர்பாடியில் ஒரு அம்மாவை அப்படி மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை அவர் கோபப்படவே இல்லை. "ஏம்மா, பாக்கலாம்னா வேணாம்னு உனக்குத் தெரியாதா? உங்க வீட்ல பொண்ணு பாக்க வந்தவங்க பாக்கலாம்னு சொல்லிட்டுப் போனா என்னான்னு நெனப்பே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நம் ஊரில் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவோம். அந்தக் கூச்சத்தை வாடிக்கையாளராக எண்ணி லிஸ்டில் போடக் கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது? நாள், நேரம் அவர் வாயிலிருந்து வந்ததா என்று பாருங்கள். "ஞாயித்துக்கெழம கூப்பிடு, அவரு வீட்ல இருப்பாரு" என்றால் நிஜம். நேரம் இல்லாமல் வந்தால், இந்த ஒரு கேள்வி:

> சரிங்கம்மா. நான் திரும்பக் கூப்பிடட்டுமா, இல்ல தேவப்பட்டா நீங்களே கூப்பிடறீங்களா?

இரண்டாவது பாதி அவருக்குக் கதவு. வேண்டாதவர்கள் உடனே "நாங்களே கூப்பிடறோம்மா" என்பார்கள், குரலிலேயே நிம்மதி தெரியும். "ரொம்ப நல்லதும்மா, இந்த நம்பர்தான்" என்று சொல்லி வைத்துவிட்டு, லிஸ்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கு நான் முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் இரண்டு கால் மிச்சமாகியிருக்கும்.

கொடுங்கையூரில் போன வாரம் நடந்த ஒரு கால்:

> "சொல்லுமா."
> "வீட்ல மோட்டார் தண்ணியா, மெட்ரோ வாட்டரா அண்ணா?"
> "மோட்டார்தான். ஆனா இப்ப காசு டைட்டும்மா."
> "சரிண்ணா. தண்ணி வர்ற வேகம் கொறஞ்சிருக்கா?"
> "அது கொறஞ்சுதான் இருக்கு."
> "அப்ப ஃபில்டர் அடைச்சிருக்கலாம். கான்ட்ராக்ட் போடணும்னு இல்ல, அது மட்டும் மாத்திக்கலாம்."
> "எவ்ளோ ஆவும்?"

பணம் இல்லை என்பதற்குத் தள்ளுபடி பதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதற்கும் அவர் "வேணாம்மா" என்றிருந்தால் அங்கேயே முடிந்தது. இரண்டாவது மறுப்புக்குப் பிறகு எங்கள் ஸ்கிரிப்டில் எதுவும் எழுதியிருக்காது.

பின்சேர்க்கை 1: "சார் எப்போ அண்ணாவா மாறினார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நாமாக ஆரம்பிக்கக் கூடாது. சார், மேடம் என்றே தொடங்குங்கள். அவர் "சொல்லுமா", "இன்னாமா விஷயம்" என்று இறங்கி வந்தால் அண்ணா, அக்காவுக்குப் போகலாம். ஆனால் அவர் "இன்னா" என்றார் என்று நீங்களும் "இன்னா" போடாதீர்கள். கிண்டல் பண்ணுகிற மாதிரி இருக்கும்.

பின்சேர்க்கை 2: சொந்த சிம்மிலிருந்து கூப்பிடலாமா என்று திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டார். கூடாது. விற்பனை கால்களுக்கு என்று 140-ல் தொடங்கும் எண்கள் இருக்கின்றன, நிறுவனம் பதிவு செய்து வாங்க வேண்டும். யாராவது "நான் டி.என்.டி போட்டிருக்கேன், 1909-ல கம்ப்ளைண்ட் பண்ணுவேன்" என்றால் வாதாடாதீர்கள். "மன்னிச்சிடுங்க சார், உங்க நம்பர இப்பவே எடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி எடுக்கவும் வேண்டும். எங்கள் ஷீட்டில் இதற்குச் சிவப்பில் ஒரு கலம் வைத்த பிறகும், புது லிஸ்ட் வந்தபோது அதே நம்பர்கள் மறுபடி உள்ளே வந்துவிட்டன. இப்போது புது லிஸ்ட் வந்ததும் முதல் வேலையாகச் சிவப்புக் கலத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறேன்.