லிமிட் ஓடரைப் பத்துப் பத்துச் சதமாக ஏற்றும்போது விடும் தவறுகள்

கொக்குவிலில் இருக்கும் என் மாமா ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் ஒருநாள் பதினொரு மணிபோல போன் எடுத்து, "தம்பி, நான் விலையை ஏத்த ஏத்த அதுவும் ஏறிக்கொண்டு போகுது, என்ன செய்யிறது?" என்றார். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். வாங்குவோர் பக்கத்தில் எல்லாருக்கும் மேலே நின்ற ஓடர் அவருடையதுதான், அதைக் கண்டு யாரோ அவரை முந்த, அவர் திரும்ப முந்த, அப்படியே ஏறியிருக்கிறது.

அவர் செய்ததை நானும் செய்திருக்கிறேன், அதனால் அவருடைய கணக்கையே வைத்து விளக்குகிறேன். அவருக்கு 2,000 பங்குகள் வேண்டும். காலையில் பார்த்தபோது வாங்குவோரின் உயர்ந்த விலை 62.00, விற்போரின் குறைந்த விலை 62.80. அதிகம் கைமாறாத பங்குகளில் இப்படி 80 சத இடைவெளி சாதாரணம். 62.80 கொடுத்தால் உடனே வாங்கத் தொடங்கலாம், ஆனால் அவர் கொஞ்சம் மலிவாக வாங்க நினைத்து, 62.10 க்கு மேல் வாங்க வேண்டாம் என்று லிமிட் ஓடர் போட்டார். அதுவரை சரி.

முதல் தவறு அங்கேதான் நடந்தது. எதுவரை போகலாம் என்று எழுதி வைக்காமல் முதல் ஓடரைப் போட்டுவிட்டார். உச்ச விலை எது என்று கேட்டால் பலர் "பார்ப்போம்" என்பார்கள். என் கணக்கு இதுதான்: தொடங்கும்போது எந்த விலைக்கு உடனே வாங்கியிருக்கலாமோ அதுவே உச்சம், இங்கே 62.80. காத்திருந்து மிச்சம் பிடிக்கக்கூடியது ஆகக் கூடினாலும் பங்குக்கு 80 சதம், 2,000 பங்குக்கு 1,600 ரூபாய். இந்த 1,600 ரூபாய்க்காக விளையாடிவிட்டு 64 ரூபாய்க்கு வாங்கினால், முதலிலேயே 62.80 கொடுத்தவரைவிட 2,400 ரூபாய் கூடக் கொடுத்திருப்போம். பலரோ கடைசியாகப் பார்த்த விலையிலிருந்துதான் அளப்பார்கள். 62.90 வந்ததும் "பத்துச் சதம்தானே கூட", 63.20 வந்ததும் "முப்பது சதம்தானே". ஒவ்வொரு படியும் சின்னதாகத் தெரியும், தொடக்கத்திலிருந்து கூட்டிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று விளங்கும்.

அடுத்தது, அவசரமாக மாற்றிக்கொண்டே இருப்பது. ஒரே விலையில் நிற்கும் ஓடர்களுக்குள் முதலில் வந்தவருக்குத்தான் முதலில் கிடைக்கும். விலையை மாற்றினால் புதிய விலையில் வரிசையின் கடைசிக்குப் போவோம், பிறகு மனம் மாறிப் பழைய விலைக்கு இறங்கினாலும் அங்கேயும் கடைசிதான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்குபவர் எந்த விலையிலும் வரிசையில் முன்னேற மாட்டார். நான் மணிக்கூட்டை மட்டும் பார்ப்பதில்லை, அந்த விலைக்கு அருகில் சில வியாபாரமாவது நடந்து, அதற்குப் பிறகும் எனக்குக் கிடைக்கவில்லை என்றால்தான் அடுத்த படி. வியாபாரமே நடக்காமல் அரை மணி போனால், விலை போதாது என்பதைவிட விற்க ஆள் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

மாமா தொடக்கத்திலிருந்தே போயிருக்க வேண்டிய படிகள் இவை. 62.10 இல் நின்று பார்ப்பது, பிறகு 62.30, பிறகு 62.50, கடைசியாக 62.80. கடைசிப் படியிலும் லிமிட் ஓடராகவேதான் இருக்க வேண்டும், மார்க்கெட் ஓடராக மாற்றக்கூடாது. 62.80 இல் 600 பங்கு மட்டும் விற்பனைக்கு இருந்தால், அந்த 600 கிடைத்து மிச்ச 1,400 அதே விலையில் காத்திருக்கும். மார்க்கெட் ஓடர் என்றால் அடுத்த விலை, அதற்கடுத்த விலை என்று மேலே மேலே எடுத்துக்கொண்டு போய்விடும். அதேபோல நான்கு படிக்கு மேல் பிரிப்பதும் வீண். வாங்கும்போது சுமார் 1.12 சதவீதம், விற்கும்போது அதே அளவு தரகும் கட்டணங்களும் போகின்றன, 62 ரூபாய்ப் பங்கில் ஒவ்வொரு முறையும் 70 சதம் அளவில். அதற்குப் பக்கத்தில் பத்துச் சதத்துக்காக மூன்று நாள் காத்திருப்பது கணக்குக்கு ஒத்துவராது.

மாமாவின் பிரச்சினைக்கு வருவோம். ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது, மேலே நிற்கும் அந்த ஓடர் யாருடையது? நம் அளவே அங்கே தெரிந்தால் அது நாம்தான், விற்பவர் விலையைக் குறைக்காதவரை நாம் இன்னும் ஏற்றுவது பாசையூரில் மீன் ஏலத்தில் நாம் கேட்ட விலைக்கு மேல் நாமே கேட்பது மாதிரி. வேறொருவர் பத்துச் சதத்தால் நம்மை முந்தினாலும் உடனே பதில் கொடுக்கத் தேவையில்லை. மாமாவும் அந்த ஆளும் மாறி மாறி 62.60 வரை ஏறினார்கள், வாங்கத் துடிக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கண்ட விற்பவர் 62.80 ஐ எடுத்துவிட்டு 63.50 போட்டார். அந்த ஏற்றத்தை உண்டாக்கியதில் மாமாவுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் விலை உண்மையில் ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடந்த வியாபாரங்களைப் பாருங்கள். 62.80 இல் இருந்தது விற்றுத் தீர்ந்து, 63.00 விற்று, 63.40 உம் நல்ல அளவில் விற்றால், யாரோ உண்மையாக வாங்குகிறார்கள். விற்கும் விலை மட்டும் 63.50 க்குத் தாவி அங்கே ஒரு பங்கும் கைமாறவில்லை என்றால் விலை ஓடவில்லை, கேட்பவர் கூடக் கேட்கிறார், அவ்வளவுதான். மாமாவுக்கு நடந்தது இரண்டாவது. 62.50 க்கு இறங்கி அங்கேயே நிற்கச் சொன்னேன். வரிசையில் கடைசிக்குப் போவோம் என்பது தெரிந்துதான் சொன்னேன், போட்டியிலிருந்து விலகுவது அந்த இடத்தைவிட முக்கியம். மதியத்துக்குப் பிறகு 700 பங்கு கிடைத்தது.

விலை உண்மையாகவே ஓடினாலும் உச்சம் மாறாது. அப்போது செய்ய வேண்டியது, கம்பனி ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று பங்குச் சந்தையின் தளத்தில் பார்ப்பது. அறிவிப்பு இருந்தால் காலையில் போட்ட கணக்கே பழையதாகிவிட்டது, ஓடரை எடுத்துவிட்டுப் புதிதாக யோசிக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்றில்லை. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் 3 ரூபாய்க்கு மேல் துரத்தி வாங்கினேன், அடுத்த கிழமையே அது தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது.

அந்த 700 கிடைத்த பிறகு இன்னொரு தவறு நடக்கப் பார்த்தது. மாமா பழைய ஓடரை நீக்காமலே 2,000 க்குப் புதிய ஓடர் போடப் போனார். இரண்டும் நிறைவேறியிருந்தால் கையில் 4,000 பங்கு. பகுதியாகக் கிடைத்த ஓடரை நீக்கிப் புதிதாகப் போடுவதைவிட அதையே மாற்றுவது பாதுகாப்பு. மாற்றும் திரையில் கேட்கும் எண்ணிக்கை மொத்தமா, மிச்சமா என்று பார்த்து நிரப்புங்கள். தரகருக்கு போனில் சொல்பவர்கள், பழையது நீங்கிவிட்டது என்று அவர் சொன்ன பிறகே புதியதைச் சொல்ல வேண்டும்.

மிச்ச 1,300 இல் 900 மறுநாள் 62.50 க்கே வந்தது. கடைசி 400 ஐ விட்டுவிட்டார்.