ஏரிப்பாசன வயலில் மின்கோபுரம்: மேலிழுப்பைக் கணக்கிட்டு, பேடா பைலா என்று முடிவு செய்வது எப்படி?

காற்று பக்கவாட்டில் தள்ளும்போது மின்கோபுரத்தின் இரண்டு கால்கள் மண்ணை அழுத்தும். எதிர்ப்பக்கத்துக் கால்கள் இரண்டும் மண்ணைவிட்டு மேலே வரப் பார்க்கும். வீட்டு அஸ்திவாரம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மேலிழுப்புதான் புதிது. காலுக்கு அடியில் புதைக்கும் அகலமான கான்கிரீட் பலகைதான் பேட்; பெரும்பாலும் அதன் அளவை முடிவு செய்வதும் இந்த மேலிழுப்புதான்.

காவேரிப்பாக்கம் ஏரி ஆயக்கட்டில் ஒரு நெல் வயல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு மேலிழுப்பு 35 டன். பாதுகாப்புக் காரணியால் பெருக்கிய சுமை இது. கால்களுக்கு இடையே 5 மீட்டர்.

படி 1: தண்ணீர் எங்கே நிற்கும்?

மே மாதத்தில் 3 மீட்டர் தோண்டினால் குழி காய்ந்துதான் இருக்கும். அதை நம்ப வேண்டாம். பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரியும். வயல்காரரிடம், "அண்ணே, கார்த்திகை, மார்கழியில தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று கேளுங்கள். தரையிலிருந்து 0.75 மீட்டருக்குள் வரும் என்றால், அஸ்திவாரம் முழுதும் மூழ்கியது என்றே கணக்கிட வேண்டும்.

படி 2: மண் எவ்வளவு பிடிக்கும்?

பேடை மேலே இழுத்தால் அதன் மேலுள்ள மண்ணும், விளிம்பிலிருந்து சாய்வாக விரியும் மண்ணும் சேர்ந்து வரும். தலைகீழாக வைத்த, நுனி வெட்டிய பிரமிடு மாதிரி. அதன் கன அளவு:

```
V = (h/3) × (A1 + A2 + √(A1×A2))
```

A1 பேடின் பரப்பு, A2 தரைமட்டத்தில் விரிந்த பரப்பு, h பேடுக்கு மேலுள்ள மண்ணின் உயரம். நம் நாட்டு வழக்கத்தில் காய்ந்த மண்ணுக்குச் செங்குத்திலிருந்து விரிகோணம் 30 டிகிரி, எடை கன மீட்டருக்கு 1.44 டன். மூழ்கிய மண்ணுக்கு 15 டிகிரி, 0.94 டன். கான்கிரீட்டும் மிதப்பு விசையால் 2.4 டன்னிலிருந்து 1.4 டன்னாகக் குறைகிறது.

2.5 மீட்டர் சதுர பேட், கனம் 0.5 மீட்டர், மேலே 2.5 மீட்டர் மண், பேடிலிருந்து தரைவரை எழும் தூணான சிம்னி அரை மீட்டர் சதுரம். சிம்னி அடைக்கும் இடத்தைக் கழித்துப் போட்டால், காய்ந்த நிலையில் மண்ணும் கான்கிரீட்டும் சேர்ந்து சுமார் 67 டன் தாங்கும். மூழ்கிய நிலையில் 29 டன்தான். கோடையில் பார்த்தவருக்கு இரட்டிப்புப் பாதுகாப்பு. மழைக்காலத்தில் அதே அஸ்திவாரம் 35 டன்னுக்குப் போதாது.

படி 3: ஆழத்தைவிட அகலம்

பேடை 3 மீட்டர் சதுரமாக்கினால் 38.6 டன் வருகிறது. போதும். இன்னும் ஆழம் போனாலும் தாங்குதிறன் கூடும்தான், ஆனால் ஊற்றுத் தண்ணீரில் ஒவ்வொரு அடிக்கும் பம்ப்செட்டும் பலகைத் தடுப்பும் வேண்டும். தரைமட்டத்தில் விரிந்த அகலம் 4.34 மீட்டர், கால் இடைவெளியான 5 மீட்டருக்குள் அடங்குகிறது. அடங்காவிட்டால் ஒரே மண்ணை இரண்டு கால்களுக்கும் எண்ணிவிடுவோம்.

பேடுக்கு அடியில் ஈரக் களிமண் உறிஞ்சிப் பிடிக்குமே என்று கேட்பார்கள். பிடிக்கும், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்ததும் அது போய்விடும்.

படி 4: மண்ணை எப்படி மூடுகிறீர்கள்?

காகிதத்தில் சரியாக வந்த கணக்கு கெடுவது இங்கேதான். குழியில் தண்ணீர் நிற்கும்போதே மண்ணைத் தள்ளினால் அது சேறாகக் கிடக்கும். சாய்வாக விரிந்து பிடிக்காது. பேடுக்கு நேர் மேலே உள்ள மண் மட்டும் என்று போட்டால் 38.6 டன், சுமார் 28 டன்னாகிவிடும். தண்ணீரை இறைத்துவிட்டு, 30 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இடிக்க வேண்டும். பின்னர் சிம்னியைச் சுற்றி வட்டமாக வெடிப்போ, மண்ணுக்கும் சிம்னிக்கும் இடையே புது இடைவெளியோ தெரிந்தால் கால் அசைந்திருக்கிறதா என்று லெவல் வைத்துப் பாருங்கள்.

படி 5: பைல் எப்போது?

பைல் என்பது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண். 0.6 மீட்டர் விட்டம், 8 மீட்டர் நீள பைலின் பக்கப் பரப்பு 15 சதுர மீட்டர். நடுத்தரக் களிமண்ணில் சதுர மீட்டருக்கு 2.4 டன் உராய்வு என்றால் உச்சம் 36 டன். நான் அதில் பாதியைத்தான் எடுப்பேன். பக்கவாட்டு விசையையும் பார்த்தால் காலுக்கு மூன்று, நான்கு பைல், அவற்றை மேலே சேர்த்துக் கட்ட ஒரு கான்கிரீட் கேப் என்று போகும். ரிக் வண்டியை வயலுக்குள் இறக்கப் பாதையும் போட வேண்டும். ஆகவே இந்த வயலுக்கு பேட்தான்.

பாலாற்றுப் படுகை வேறு கதை. மணலில் 3 மீட்டர் குழி நிற்காது; வெள்ளம் வந்தால் பேடுக்கு மேலுள்ள மண்ணையே அரித்துக்கொண்டு போய்விடும். அங்கே பைல்தான், அரிப்பு மட்டத்துக்குக் கீழே உள்ள உராய்வை மட்டும் எண்ணி. கம்பிக்கூடு பைலின் அடிவரை போக வேண்டும். இழுவையைக் கான்கிரீட் தாங்காது. சில மீட்டரிலேயே கெட்டிப் பாறை வந்தால் பைலை விட்டுவிட்டுப் பாறை ஆங்கரைப் பாருங்கள்.

பைல் என்று முடிவானால் இழுத்துச் சோதிக்காமல் விடாதீர்கள். ஐ.எஸ். 2911 பாகம் 4 சொல்வது: 12 மில்லிமீட்டர் மேலெழுந்தபோது இருந்த சுமையில் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது வரைபடம் தெளிவாக முறியும் சுமையில் பாதி. இரண்டில் எது குறைவோ அதுவே அந்த பைலின் பாதுகாப்பான இழுவைச் சுமை.