சின்னப் பிள்ளைங்களுக்கு ரவுண்டர்ஸ்: முதல் நாளே முழு மேட்ச் வைக்காதீங்க

இங்கிலாந்து பிரைமரி ஸ்கூல்ல சம்மர் டெர்ம் வந்தா பி.ஈ. கிளாஸ்ல ரவுண்டர்ஸ் வந்துடும். பேட்டால அடி, நாலு போஸ்ட்டையும் சுத்தி ஓடு, அவ்ளோதான். ஆனா ஏழெட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறப்ப நிறைய பேர் பண்ற முதல் தப்பு, கிளாஸை ரெண்டா பிரிச்சு நேரா மேட்ச் ஆரம்பிக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்க. 30 பிள்ளைங்க, 15க்கு 15, அரை மணி நேரம். ஒரு பந்து போட்டு, அடிச்சு, ஓடி, பந்து திரும்பி வர அரை நிமிஷம் ஆகும்னா மொத்தம் 60 பந்து, ஒரு டீமுக்கு 30, அப்போ ஒரு பிள்ளைக்கு ரெண்டே ரெண்டு பந்து, மீதி நேரம் லைன்ல நின்னு பக்கத்துல இருக்கிறவனைக் கிள்ளிட்டு இருக்கும். இதையே அஞ்சுக்கு அஞ்சுன்னு மூணு மேட்ச்சா பிரிச்சா அதே அரை மணியில ஆளுக்கு ஆறு பந்து. ஒரே டீச்சர் மூணையும் எப்படி பாக்கிறதுன்னு கேப்பீங்க. மூணு பேட்டிங் இடத்தையும் மைதானத்து நடுவுல நல்லா இடைவெளி விட்டு வைங்க, எல்லாரும் வெளிப்பக்கம் பாத்து அடிக்கட்டும், நீங்க நடுவுல நில்லுங்க. ஒரு மேட்ச் பந்து இன்னொண்ணுக்குள்ள வராது.

அடுத்தது பவுலிங். சரியான ரூல்படி பந்தை அண்டர்ஆர்ம்ல, 7.5 மீட்டர் தள்ளி நின்னு, பேட்டரோட முழங்காலுக்கு மேல தலைக்குக் கீழ, பேட் எட்டுற தூரத்துல போடணும், இல்லன்னா நோ பால். எட்டு வயசுப் பிள்ளை போட்டா பாதி அப்படித்தான் போகும், பேட்டர் வீசி வீசி ஒண்ணும் படாம அழ ஆரம்பிச்சிடும். அதனால முதல்ல கோன் மேல பந்தை வச்சு அடிக்க விடுங்க, அப்புறம் நீங்களே கிட்ட நின்னு போடுங்க, பிள்ளைங்க பவுலிங் அதுக்கும் அப்புறம். ரவுண்டர்ஸ் பேட் ஒரு கையால பிடிக்கிற ஒல்லியான தடி, நீளம் அதிகபட்சம் 46 செ.மீ.தான், ஆரம்பத்துக்கு டென்னிஸ் ராக்கெட்டே போதும், பந்தும் ஸ்பாஞ்ச் பந்தா இருக்கட்டும்.

பேட் விஷயத்துல இன்னொண்ணு. அடிச்ச வேகத்துல பிள்ளைங்க பேட்டை விசிறிட்டு ஓடும், பின்னாடி நிக்கிற பேக்ஸ்டாப் மூஞ்சில பட்டா அன்னைக்கு கிளாஸ் முடிஞ்சுது. பெரியவங்க ரூல்ல பேட்டைக் கையிலயே வச்சுட்டு ஓடணும். சின்னப் பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, பக்கத்துல ஒரு ஹூப் போட்டு "பேட்டை ஹூப்புக்குள்ள வச்சுட்டு ஓடு, வெளிய விழுந்தா பாயிண்ட் இல்ல"ன்னு ஒரே ரூல். பேக்ஸ்டாப்பும் ரெண்டு மூணு ஸ்டெப் தள்ளியே நிக்கட்டும்.

ஃபீல்டிங்லதான் பெரிய குழப்பம். ஒரு பந்து ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கும் செகண்ட் போஸ்ட்டுக்கும் நடுவுல போகுது, நாலு பேர் ஒரே பந்துக்கு ஓடுவாங்க, போஸ்ட்ல யாரும் இருக்க மாட்டாங்க. எடுத்தவன் கண்ணு முன்னாடி தெரியுற ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு எறிவான், ஆனா ஓடுறவ அதைத் தாண்டி செகண்டுக்குப் போயிட்டு இருப்பா, அந்த எறிதல் வேஸ்ட். "அவுட் பண்ணு"ன்னு கத்தாம, "அவ எங்க போறா, அந்த போஸ்ட்டுக்கு எறி"ன்னு சொல்லிக் குடுங்க. பேட்டே இல்லாம ஒரு தடவை பழக்கலாம்: நீங்க பந்தை உருட்டி விடுங்க, ஒரு பிள்ளை ஓடட்டும், போஸ்ட்டுக்கு ஒருத்தர்னு நாலு பேர், பந்துக்குக் கிட்ட இருக்கிறவர் மட்டும் எடுக்கலாம், மத்தவங்க அவங்கவங்க போஸ்ட்டை விடக்கூடாது. இலங்கையில எல்லே ஆடின குடும்பத்துப் பிள்ளைங்கன்னா ஓடுற ஆள் மேலயே பந்தை எறியப் பாப்பாங்க, அந்த ஆட்டத்துல அது அவுட். இங்க ஓடுறவங்க போற போஸ்ட்டை, பந்தைக் கையில வச்சுட்டு தொட்டாதான் அவுட்னு முதல்லயே சொல்லிடுங்க.

ஓடுறதுக்கு எல்லா ரூலையும் சொல்லாதீங்க. போஸ்ட்டுக்கு வெளிப்பக்கமா ஓடு. ஒரு போஸ்ட்ல ஒருத்தர்தான். பவுலர் பந்தோட தன் கட்டத்துக்குள்ள வந்துட்டா போஸ்ட்ல இருக்கிறவங்க நகரக்கூடாது, நடுவுல ஓடிட்டு இருக்கிறவங்க அடுத்த போஸ்ட் வரைக்கும் போகலாம். இந்த மூணு போதும். போஸ்ட் இடைவெளி நிஜ ஆட்டத்துல 12 மீட்டர், மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல மட்டும் 8.5, நீங்க எட்டு மீட்டர் வைங்க. எல்லாரும் சுலபமா நாலையும் சுத்திட்டு வந்தா இன்னும் தள்ளி வைங்க, யாருமே ஃபர்ஸ்ட் போஸ்ட் தாண்டலன்னா கிட்ட கொண்டு வாங்க.

அப்புறம் அவுட். பெரியவங்க ஆட்டத்துல அவுட் ஆனா அந்த இன்னிங்ஸ் முழுக்க வெளிய. அதே ரூலை இங்க வச்சா யாருக்கு ஆட்டம் வரலையோ அந்தப் பிள்ளைதான் முதல்ல போய் உக்காரும். அவுட்னா அந்தப் பந்துக்கு பாயிண்ட் இல்ல, திரும்ப லைன்ல நில்லு, அவ்ளோதான். ஸ்கோரும் ஹாஃப் ரவுண்டர்னு குழப்பாம தொட்ட போஸ்ட்டுக்கு ஒரு பாயிண்ட், நாலும் ஒரே ஓட்டத்துல சுத்தினா அதோட இன்னும் ரெண்டு.